அம்மோனியா கிட்: மூன்று ஆண்டுப் பயன்பாடும் தீராத ஒரு குறையும்

மீன்வளம் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்ட கேள்விதான் இதை எழுத வைத்தது. "ஒரு குளத்தில் கிட் 1.5 பிபிஎம் காட்டியது, மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில நாள் கழித்து அதே குளத்தில் 1 பிபிஎம்தான் காட்டியது, மீன் மதியத்தில் தள்ளாடியது. கிட் கெட்டுவிட்டதா?" கெடவில்லை. இரண்டு எண்ணும் சரியாகவே இருக்கலாம். குறை இருப்பது கிட்டோடு வரும் வண்ண அட்டையில்.

நான் சொல்வது சாலிசிலேட் முறையில் வேலை செய்யும் சொட்டு மருந்து கிட்டை. மூன்று ஆண்டாகக் கையில் இருக்கிறது, நான்காவது தொகுதி மருந்து ஓடுகிறது. அம்மோனியா இல்லாவிட்டால் மஞ்சள், ஏற ஏறப் பச்சை, இன்னும் ஏறினால் நீலப்பச்சை. பழைய நெஸ்லர் கிட்டில் பாதரசம் உண்டு, சோதித்த நீரை எங்கே கொட்டுவது என்பதே தலைவலி. உப்பு கலந்த நீரில் அது கலங்கியும் போகும். அந்த இரண்டு தொல்லையும் இதில் இல்லை என்பதே பெரிய நிம்மதி.

இனி குறைக்கு வருகிறேன். வண்ண அட்டையில் ஒவ்வொரு நிறத்துக்கும் பக்கத்தில் எண் இருக்கிறது. எண்ணோடு விட்டிருக்கலாம். "பாதுகாப்பு", "கவனம்", "ஆபத்து" என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். பிஎச் தெரியாமல் இந்தச் சொற்களைச் சொல்லவே முடியாது. துண்டுப் பிரசுரத்தின் பின்பக்கம் பிஎச் அட்டவணை ஒன்று இருப்பது உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனால் குளக்கரையில் நிற்பவர் கையில் இருப்பது அட்டை. பிரசுரம் பெட்டிக்குள் கிடக்கிறது.

கிட் அளப்பது மொத்த அம்மோனியாவை. அதில் இரண்டு வடிவம் கலந்திருக்கிறது. அம்மோனியம் அயனி செவுள் வழியே எளிதில் உள்ளே போகாது. அயனியாகாத அம்மோனியாதான் செவுளைக் கடந்து இரத்தத்தில் ஏறும் நஞ்சு. எது எவ்வளவு என்பதைப் பிஎச்சும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி செல்சியஸில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் 0.8 சதவீதம்தான் நஞ்சு. பிஎச் 8-ல் 7.4, 8.5-ல் 20, 9-ல் 45 சதவீதம். நன்னீருக்கான கணக்கு கீழே. விரிதாளில் ஒருமுறை போட்டு வைத்தால் போதும். t என்பது செல்சியஸில் நீரின் வெப்பநிலை, TAN என்பது கிட் காட்டும் எண்.

```
pKa = 0.09018 + 2729.92 / (273.15 + t)
NH3 = TAN / (1 + 10^(pKa - pH))
```

பிஎச்சில் அரைப் புள்ளி தவறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 8 இருக்கும் இடத்தில் 8.5 என்று படித்தால் நஞ்சின் அளவு ஏறக்குறைய மூன்று மடங்காகத் தெரியும். காகிதப் பட்டையில் அரைப் புள்ளி தவறுவது சாதாரணம். அதனால் இந்தக் கிட்டோடு பிஎச் மீட்டரும், அதைச் சரிபார்க்க 7, 10 தாங்கல் கரைசல்களும் வேண்டும். 4 கரைசலை மட்டும் நம்பிச் சரிபார்த்தால் மீன்குளத்தின் வரம்பில் பிழை அப்படியே இருக்கும்.

மாணவர் கேட்டதை ஒரு குளத்தில் வைத்துப் பார்ப்போம். பரப்பு 1 ஹெக்டேர், சராசரி ஆழம் 1 மீட்டர், ஆக 10,000 கன மீட்டர் நீர். நாளுக்கு 100 கிலோ தீவனம், புரதம் 32 சதவீதம். புரதத்தை 6.25 ஆல் வகுத்தால் நைட்ரஜன். 100 கிலோ தீவனத்தில் 5 கிலோவுக்குச் சற்று மேல். அதில் மீனின் உடலில் தங்குவது சிறு பங்குதான். கிலோ தீவனத்துக்குச் சுமார் 30 கிராம் அம்மோனியா நைட்ரஜன் நீரில் சேரும் என்று வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு 3 கிலோ. அந்த நீரில் 0.3 பிபிஎம். நல்ல நாளில் பாசி இதை அன்றன்றே உண்டுவிடும், கிட் 0.3-ஐத் தாண்டாது.

சில நாள் மேகமூட்டத்துக்குப் பிறகு பாசி ஒரேயடியாகச் செத்துவிடுகிறது. பச்சை நீர் பழுப்பாகித் தெளிகிறது. முதல் ஆபத்து ஆக்ஸிஜன்: செத்த பாசி அழுகுவதற்கும் ஆக்ஸிஜன் போகிறது, பகலில் உற்பத்தியும் இல்லை. விடியலில் நீரில் கரைந்த ஆக்ஸிஜன், அதாவது டிஓ, 2 பிபிஎம்முக்குக் கீழே இறங்கும். ஏரேட்டர் ஓட்டி அதைச் சமாளித்தாயிற்று என்று வைப்போம். ஆனால் தீவனத்தை நிறுத்தவில்லை. நாளுக்கு 0.3 வீதம் நான்கு நாளில் 1.2 கூடி, கிட் 1.5 காட்டுகிறது. அட்டை "ஆபத்து" என்கிறது. ஒளிச்சேர்க்கை இல்லாததால் பிஎச் 7.2, நீர் 29 டிகிரி. கணக்குப் போட்டால் நச்சு அம்மோனியா 0.018 பிபிஎம்தான். நீண்ட நாளைக்கு 0.05-ஐத் தாண்டக்கூடாது என்று பொதுவாகக் கொள்ளும் எல்லைக்குள்தான் இருக்கிறது. அன்று மீனுக்கு ஒன்றும் ஆகாதது இதனால்தான்.

அடுத்த சில நாளில் வெயில் வருகிறது. தேங்கிய அம்மோனியாவை உரமாகக் கொண்டு புதுப் பாசி வெடித்துக் கிளம்புகிறது. கிட் 1.0-க்கு இறங்குகிறது, அட்டை "கவனம்" என்கிறது, ஆள் நிம்மதி அடைகிறார். அன்று மதியம் 3 மணிக்கு அளந்தால் பிஎச் 9.1, நீர் 31 டிகிரி, டிஓ 14 பிபிஎம். பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச பிஎச் ஏறியிருக்கிறது. நச்சு அம்மோனியா இப்போது 0.52 பிபிஎம், "ஆபத்து" நாளில் இருந்ததைப்போல முப்பது மடங்குக்கு அருகில். நிறம் வெளிறிய நாளில்தான் மீனின் செவுள் எரிகிறது. அந்த அட்டை மீது எனக்குள்ள கோபத்துக்குக் காரணம் இதுதான்.

கற்கும் நிலையில் இருப்பவர் மனத்தில் வைக்க வேண்டிய அடையாளம் நேரம்தான். விடியலில் மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் டிஓ மீட்டரை எடுங்கள். டிஓ ஏராளமாக இருக்கும் மதியத்தில் மீன் தீவனத்தை விட்டுவிட்டுத் தள்ளாடினால் பிஎச் மீட்டரையும் கிட்டையும் எடுங்கள். ஒரே ஒளிச்சேர்க்கைதான் ஆக்ஸிஜனையும் பிஎச்சையும் சேர்த்துத் தூக்குகிறது. அதனால் டிஓ உச்சத்தில் இருக்கும் வேளையே அம்மோனியா கடுமையாக இருக்கும் வேளை. காலையில் மட்டும் சோதிப்பவருக்கு இது கடைசிவரை தெரியாது.

அந்த மதியத்தில் செய்யவே கூடாதது, சுட்ட சுண்ணாம்போ நீற்றுச் சுண்ணாம்போ போடுவது. "தண்ணீர் கெட்டுவிட்டது, சுண்ணாம்பு போடு" என்பது பழகிய பேச்சு. அது பிஎச்சை இன்னும் ஏற்றி, மிச்சமிருக்கும் அம்மோனியத்தையும் நஞ்சாக மாற்றும். தீவனத்தை உடனே நிறுத்துங்கள். ஏரேட்டரை மதியத்திலேயே ஓட்டுங்கள். டிஓ 14 இருக்கும்போது எதற்கு என்று கேட்பார்கள். அடியிலுள்ள நீரின் பிஎச் மேல்மட்டத்தைவிடக் குறைவு, இரண்டும் கலந்தால் மேல்மட்டத்தின் உச்சம் தணியும். ஏரேட்டர் அம்மோனியாவைக் காற்றில் விரட்டிவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம், குளத்தில் அப்படிப் போவது சொற்பம். அதை உண்மையில் தீர்ப்பவை பாசியும் நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவும். பாக்டீரியாவுக்கு 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்ஸிஜன் தேவை. டிஓ குறைந்த குளத்தில் அம்மோனியா தேங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிட்டைப் பயன்படுத்துவதில் கவனிக்க வேண்டியது, பச்சை நீரே நிறத்தைக் கூட்டிக் காட்டும் என்பது. பாசி மிகுந்த குளத்தில் மருந்து விடும் முன்பே குழாய் இளம்பச்சையாக இருக்கும், பச்சையைத்தான் நாம் படிக்கப் போகிறோம். வடிதாளில் வடித்துவிட்டுச் சோதிக்கலாம். வடிதாள் இல்லையென்றால் இரண்டு குழாய் எடுங்கள். மருந்து விடாத குளத்துநீர்க் குழாயை அட்டையின் நிறத்தின்மேல் நிறுத்தி, மருந்து விட்ட குழாயை வெள்ளைத் தாளின்மேல் நிறுத்தி, மேலிருந்து கீழே பார்த்து ஒப்பிடுங்கள். பாசியின் பச்சை இரண்டு பக்கமும் சமமாகிவிடும். வெளிச்சம் பகல் நிழலாக இருக்கட்டும். மஞ்சள் விளக்கின் கீழ் மஞ்சளும் இளம்பச்சையும் பிரிந்து தெரியாது. பிரசுரத்தில் சொன்ன நிமிடம் முடியும்வரை பொறுக்க வேண்டும். குளிர்ந்த நீரில் நிறம் மெதுவாகத்தான் ஏறும், அவசரப்பட்டுப் படித்தால் அளவு குறைவாகத் தெரியும்.

எண் எந்த அலகில் என்பதையும் பாருங்கள். சில கிட்டுகள் நைட்ரஜனாகச் சொல்லும், சில அம்மோனியாவாக. அம்மோனியா என்று எழுதியிருந்தால் 1.21 ஆல் வகுத்தால் நைட்ரஜன் கணக்கு வரும்.

மருந்து பழசாவது மூன்று ஆண்டில் இரண்டு முறை பிடிபட்டது, இரண்டு முறையும் தரக்கரைசலால்தான். நன்கு உலர்ந்த அம்மோனியம் குளோரைடு 0.382 கிராமை வடிநீரில் கரைத்து 1 லிட்டராக்கினால் 100 பிபிஎம் நைட்ரஜன். அதில் 10 மில்லியை மறுபடி 1 லிட்டராக்கினால் 1 பிபிஎம். கிட் அந்த நீரில் 1 காட்ட வேண்டும். பாதிதான் காட்டுகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹைப்போகுளோரைட் உள்ள குப்பியை. திறந்து மூடி வெயிலில் வைத்தால் அது வீரியம் இழக்கும். காலாவதித் தேதிக்கு முன்பே இப்படி ஆனது.

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு இப்படி முடிப்பது முரணாகத் தெரியலாம். வேதியியலாகப் பார்த்தால் இந்தக் கிட் நேர்மையானது, அடுத்த தொகுதியும் இதையேதான் வாங்குவேன். ஆனால் பிஎச் மீட்டர் இல்லாதவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர் முதலில் மீட்டர் வாங்கட்டும். இரண்டும் வைத்திருப்பவர் அட்டையில் உள்ள அந்த மூன்று சொற்களின் மேல் கறுப்பு நாடா ஒட்டிவிட்டு எண்ணை மட்டும் படியுங்கள். பக்கத்தில் மதியம் 3 மணிப் பிஎச்சையும் நீரின் வெப்பநிலையையும் எழுதுங்கள்.