புது மேனேஜரைப் புரிந்துகொள்ள: நேரில் கேட்பதா, கவனிப்பதா, பழைய ஆட்களை விசாரிப்பதா?

கணக்குப் பிரிவுக்குப் புது மேனேஜர் வந்தால், அவர் போக்கைப் பிடித்துக்கொள்ள முழுசாக ஒரு மாதம்கூடக் கிடைக்காது. 7-ஆம் தேதி டி.டி.எஸ். கட்டணும், 11-ஆம் தேதி விற்பனைப் பில்களைக் காட்டும் GSTR-1, 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கணக்கை முடித்து வரி கட்டும் GSTR-3B. அவர் முதல் தேதி சேர்ந்தார் என்றால், முதல் உரசல் அதிகம் போனால் மூன்று வாரத்தில் வந்துவிடும்.

அதற்குள் அவருடைய சுபாவம் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. மூன்று விஷயம் தெரிந்தால் போதும். தகவலை எழுத்தில் பார்க்க விரும்புவாரா, வாய்வழியாகக் கேட்க விரும்புவாரா? எவ்வளவு தொகைக்கு மேல் அவரைக் கேட்காமல் செய்யக் கூடாது? கெட்ட செய்தி வாசனை அடித்ததுமே அவருக்குச் சொல்ல வேண்டுமா, உறுதியான பிறகு சொன்னால் போதுமா? மூன்று வழிகளையும் இந்த மூன்று கேள்விகளால் உரசிப் பார்க்கலாம்.

பழைய ஆட்களை விசாரிப்பது

சென்னையில் இது சுலபம். கிண்டியில் வேலை பார்த்தவர் அம்பத்தூருக்கு வந்தால், அவருக்குக் கீழே இருந்த ஒருவரை நம் ஆபீசில் யாருக்காவது தெரிந்திருக்கும். ஆனால் "ஆள் எப்படி?" என்று கேட்டால் "ரொம்ப டார்ச்சர் சார்" அல்லது "தங்கமான மனுஷன்" என்றுதான் பதில் வரும். இரண்டுமே உதவாது. அங்கே அவருக்கு மேலே வேறு எம்.டி., வேறு நெருக்கடி. அந்த நெருக்கடியில் காட்டிய முகத்தையே இங்கேயும் காட்டுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "கடைசியா எதுக்குக் கோவப்பட்டார்?" பதிலில் ஒரு சம்பவம் வரும். தப்பு நடந்ததற்குக் கோபமா, தனக்குத் தாமதமாகத் தெரிந்ததற்குக் கோபமா என்று அதில் பிரிந்துவிடும். மூன்றாவது கேள்விக்கு அரைப் பதில் கிடைத்த மாதிரி. மற்ற இரண்டுக்கும் இந்த வழியை நம்ப வேண்டாம்.

கவனித்துத் தெரிந்துகொள்வது

இதில் கிடைப்பது நம்பகமானது, ஆனால் மெதுவாகக் கிடைக்கும். கணக்குப் பிரிவில் மேனேஜரின் நிஜ முகம் 18, 19 தேதிகளில்தான் தெரியும். அதுவரை எல்லோரும் நல்லவர்கள்.

சும்மா கவனிப்பதைவிட, ஒரு சின்னச் சோதனை வைத்துக் கவனித்தால் வேகமாகப் பிடிபடும். முதல் வாரத்தில் ஒரு நாள் நிலுவைப் பட்டியலை ஐந்து வரி மெயிலாக அனுப்புங்கள். இன்னொரு நாள் அதே மாதிரி விஷயத்தை டீ டைமுக்கு முன்னால் நேரில் போய் இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள். மெயிலில் இருந்த எண்ணைச் சொல்லி அவர் கேள்வி கேட்டால், அவர் படிப்பவர். "மெயில் பாத்தேன், வாங்க, என்னன்னு சொல்லுங்க" என்றால் கேட்பவர். நேரில் சொன்னபோது "இதை எழுதி அனுப்பிடுங்க" என்று பேச்சை முடித்தாலும் படிப்பவர்தான். இந்தப் பிரிவினையை வலியுறுத்திச் சொன்னவர் நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர். படிப்பவர், கேட்பவர் என்று இரண்டு ரகம் உண்டு, இரண்டாகவும் இருப்பவர்கள் மிகக் குறைவு என்பது அவர் கருத்து.

நேரில் கேட்பது

நம் ஊரில் பலருக்கும் கூச்சமான வழி இது. "உங்க ஸ்டைல் என்ன சார்?" என்று மேலதிகாரியிடம் கேட்க முடியாது. கேட்டாலும், "எனக்கு ரிசல்ட் வந்தா போதும், எப்படி வேணா பண்ணுங்க" என்பார். அதை அப்படியே நம்பினால் 20-ஆம் தேதி தெரியும்.

கேள்வியை வேலையோடு சேர்த்து, இரண்டில் ஒன்று என்ற மாதிரி வைத்தால் கூச்சமும் போகும், பதிலும் தெளிவாக வரும்: "சார், வெண்டார் பில்லுல சிக்கல்னா உடனே போன் பண்ணவா, இல்ல சாயங்காலம் ஒரே மெயிலா அனுப்பவா?" அடுத்து தொகை: "எவ்வளவுக்கு மேல போனா உங்களைக் கேட்டுட்டுச் செய்யணும்?" இந்தக் கேள்வி மட்டும் கவனித்தோ விசாரித்தோ தெரிந்துகொள்ளவே முடியாதது. 25,000 என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அவர் மனதில் 10,000 இருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டால் விசாரணைக் கமிஷன் மாதிரி ஆகிவிடும். வாரத்துக்கு இரண்டு போதும்.

இந்த வழியின் பலவீனம், மனிதர்கள் தங்களைப் பற்றித் தாங்கள் நினைப்பதைத்தான் பதிலாகச் சொல்வார்கள். "நான் எல்லா மெயிலும் படிப்பேன்" என்பவர் பாதியில் விட்டுவிடுபவராகவும் இருக்கலாம். அதனால்தான் மேலே சொன்ன மெயில் சோதனை. எங்கள் கணிப்பில், தொகையையும் நேரத்தையும் கேட்டுவிடுங்கள். வடிவத்தைச் சோதித்துப் பாருங்கள்.

14-ஆம் தேதி

இது உண்மையில் எப்படி நடக்கும் என்று பார்க்கலாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரி பாகத் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். ஜாப் ஒர்க் செய்துகொடுத்த வெண்டாரின் பில் 6 லட்சம், 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,08,000. அந்த வெண்டார் 11-ஆம் தேதிக்குள் GSTR-1 ஃபைல் செய்யவில்லை. வெண்டார்கள் ஃபைல் செய்த பில்களைப் பட்டியலாகக் காட்டும் GSTR-2B 14-ஆம் தேதி வரும், அதில் அந்தப் பில் இல்லை. அதில் இல்லாத பில்லுக்கு இந்த மாதம் கிரெடிட் எடுக்க முடியாது, அதாவது அதன் ஜி.எஸ்.டி.யை நாம் கட்ட வேண்டிய வரியில் கழிக்க முடியாது. 12-ஆம் தேதியே மேனேஜர் எம்.டி.யிடம் "இந்த மாசம் வரிக்கு 2,40,000 போதும்" என்று சொல்லிவிட்டார். இப்போது தேவை 3,48,000.

வழக்கமாக நடக்கும் தப்பு: வெண்டாருக்குப் போன் மேல் போன் போட்டு, "நாளைக்குப் பண்ணிடறேன்" என்ற வார்த்தையை நம்பி, 19-ஆம் தேதி மாலை விஷயத்தைச் சொல்வது. வெண்டார் 15-ஆம் தேதி ஃபைல் செய்தாலும் அந்தப் பில் அடுத்த மாத 2B-க்குத்தான் போகும். ஆகவே 14-ஆம் தேதிக்குப் பிறகு காத்திருப்பதில் லாபமே இல்லை. ஒரு நாள் தாமதமானால் 1,08,000-க்கு 18 சதவீத வட்டி வெறும் 53 ரூபாய்தான். மேனேஜருக்கு வலிப்பது அந்த 53 ரூபாய் இல்லை, எம்.டி.யிடம் சொன்ன எண்ணை ஒரே நாள் அவகாசத்தில் மாற்றிச் சொல்ல வேண்டி வருவது.

படிப்பவருக்கு 14-ஆம் தேதியே போக வேண்டிய மெயில் நான்கு வரி. சப்ஜெக்ட்டிலேயே எண் இருக்கட்டும்:

"வரிக்கு 1,08,000 கூடுதலாகத் தேவை, 20-க்குள்.
காரணம்: ஜாப் ஒர்க் வெண்டார் ஃபைல் செய்யவில்லை, 2B-யில் பில் இல்லை.
பணம் போகாது, அவர் ஃபைல் செய்ததும் அடுத்த மாதம் கிரெடிட் வரும்.
அதுவரை அவர் பில்லில் ஜி.எஸ்.டி. பகுதியை மட்டும் நிறுத்திவைக்கலாமா?"

கேட்பவராக இருந்தால் இதே வரிசையில் நேரில் சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்தில் எண் வர வேண்டும்: "சார், இந்த மாசம் 1,08,000 கூட வேணும். பணம் போகாது, ஒரு மாசம் தள்ளிப் போகுது." வெண்டார் கதையிலிருந்து ஆரம்பித்தால் எண் வருவதற்குள் அவர் பதறிவிடுவார். பேசி முடித்து சீட்டுக்கு வந்ததும் "பேசியபடி, ஜி.எஸ்.டி. பகுதியை நிறுத்திவைக்கிறோம்" என்று ஒரே வரி மெயில் போட்டுவிடுங்கள். கேட்பவர்கள் சொன்னதை மறப்பதும் வேகம்தான்.

அந்த மெயிலுக்கு "ஓகே" என்று மட்டும் வந்தால் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். "இதை ஏன் 12-ஆம் தேதியே சொல்லல?" என்று வந்தால், அவர் வாசனை அடித்ததுமே தெரிய விரும்புகிறவர். அப்படியானால் அடுத்த மாதம் 14-ஐ எதிர்பார்க்காமல், 11-ஆம் தேதி மாலையே ஃபைல் செய்யாத வெண்டார்களின் பட்டியல் அவர் மேஜைக்குப் போக வேண்டும்.