வெளிநாட்டுப் பதிவுக்கு சி.வி. தயாரிக்கக் கொடுக்கும் நர்ஸ்கள் கவனத்துக்கு: என் 11 மாதங்களைக் காணாமல் போக்கிவிட்டார்கள்

நான் ஐசியூவில் வேலை பார்க்கும் நர்ஸ். வெளிநாட்டில் பதிவு செய்து வேலைக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்ததும், சி.வி.யும் போர்ட்ஃபோலியோவும் தயாரித்துத் தரும் ஒரு சர்வீஸிடம் என் சான்றிதழ்களை எல்லாம் ஸ்கேன் செய்து அனுப்பினேன். ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலாக வாங்கினார்கள். பத்து நாளில் 34 பக்கத்துக்கு ஒரு பி.டி.எஃப். வந்தது. நைட் டூட்டி முடித்து வந்த காலையில், போனிலேயே திறந்து விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது, அனுப்பிவிடுங்கள்" என்று பதில் போட்டேன். அந்தப் பதிலைப் போட்டதிலிருந்து ஏழு மாதமாக அலைந்துகொண்டிருக்கிறேன். இன்னொரு நர்ஸ் இதில் மாட்டக்கூடாது என்பதற்காகத்தான் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் தேதிகள். முதல் மருத்துவமனையில் 2016 ஆகஸ்ட் 16 முதல் 2019 பிப்ரவரி 28 வரை மெடிக்கல் வார்டில் இருந்தேன். அப்புறம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, 11 மாதம் வேலைக்குப் போகவில்லை. 2020 பிப்ரவரி 3-இல் இப்போதைய மருத்துவமனையில் சேர்ந்தேன். அங்கேயும் முதல் 14 மாதம் வார்டுதான், 2021 ஏப்ரலில்தான் ஐசியூவுக்கு மாற்றினார்கள். என் அனுபவச் சான்றிதழ்களில் இதெல்லாம் தெளிவாக இருக்கிறது.

அவர்கள் எழுதிய சி.வி.யில் முதல் வேலை "2016 – 2020", இரண்டாவது வேலை "2020 – இன்று வரை, ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ்" என்று இருந்தது. மாதம், நாள் எதுவும் இல்லை. பார்ப்பதற்குப் பெரிய தப்பு மாதிரித் தெரியாது. ஆனால் வருடத்தை மட்டும் போட்டதில் என் 11 மாத இடைவெளி காணாமல் போய்விட்டது, வார்டில் இருந்த 14 மாதமும் ஐசியூ அனுபவமாக மாறிவிட்டது. ஆன்லைன் விண்ணப்பத்தில் நாள், மாதம் கட்டாயம் கேட்கும் இல்லையா? அங்கே முதல் வேலை முடிந்த தேதியை 2020 ஜனவரி 31 என்று அவர்களாகவே நிரப்பியிருக்கிறார்கள். பின்னால் நான் கேட்டபோது, "இடைவெளி இருந்தால் ரிஜெக்ட் ஆகிவிடும், அதனால் சரி செய்தோம்" என்றார்கள்.

அது உண்மை இல்லை. இடைவெளிக்குக் காரணம் கேட்பார்கள், அவ்வளவுதான். கடைசியாக நர்ஸாக வேலை பார்த்து எத்தனை வருடம் ஆகிறது என்பதைத்தான் பதிவு கொடுக்கும் கவுன்சிலில் முக்கியமாகப் பார்ப்பார்கள். நடுவில் 11 மாதம் வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்ததை ஒரே வரியில் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

பொய்த் தேதி எப்படி மாட்டுகிறது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல்தான் பலரும் துணிகிறார்கள். நாம் கொடுக்கும் சான்றிதழை யாரும் அப்படியே நம்புவதில்லை. வளைகுடா நாடுகளுக்கு டேட்டாஃப்ளோ செய்வது போல, சரிபார்ப்பு நிறுவனம் நேரடியாக நாம் படித்த கல்லூரிக்கும், பதிவு செய்த கவுன்சிலுக்கும், வேலை பார்த்த மருத்துவமனையின் ஹெச்.ஆருக்கும் எழுதிக் கேட்கும். ஹெச்.ஆர். தங்கள் ரெக்கார்டில் இருக்கும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவியின் பெயர் மூன்றையும் பதிலாக அனுப்புவார்கள். என் பழைய மருத்துவமனை "2019 பிப்ரவரி 28, ஸ்டாஃப் நர்ஸ், மெடிக்கல் வார்டு" என்று எழுதிவிட்டது. விண்ணப்பத்தோடு ஒத்துப்போகவில்லை. விளக்கம் கேட்டு மெயில் வந்திருக்கிறது.

அந்த மெயில் எனக்கு வரவே இல்லை. விண்ணப்பக் கணக்கைத் தொடங்கும்போது அவர்களுடைய மெயில் முகவரியையும் போன் நம்பரையும் கொடுத்திருந்தார்கள், பாஸ்வேர்டும் அவர்களிடம்தான். "எங்கே நிற்கிறது?" என்று நான் கேட்கும் போதெல்லாம் "ப்ராசஸில் இருக்கிறது மேடம்" என்றார்கள். பதில் சொல்ல வேண்டிய கெடு முடிந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பெயர் என்னுடையது, "இதில் உள்ளவை அனைத்தும் உண்மை" என்ற உறுதிமொழிக்குக் கீழே இருக்கும் கையெழுத்தும் என்னுடையது. தப்பான தகவல் கொடுத்தேன் என்று முடிவானால் நிராகரிக்கப்படுவது என் விண்ணப்பம்தான், சர்வீஸ்காரர்களுக்கு ஒன்றும் ஆகாது.

இதற்கு நடுவே ஒரு மருத்துவமனையிலிருந்து வீடியோ இன்டர்வியூ வந்தது. பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் அந்த வார்டு மேனேஜர் என் சி.வி.யைப் பார்த்தபடி, "சிஆர்ஆர்டி தனியாகப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ட்ரான்ஸ்மெம்பிரேன் பிரஷர் கூடிக்கொண்டே போனால் என்ன நினைப்பீர்கள், என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். சிஆர்ஆர்டி என்பது நாள் முழுக்க மெதுவாக ஓடும் டயாலிசிஸ், எங்கள் ஐசியூவில் அந்த மெஷினே கிடையாது. டயாலிசிஸ் தேவைப்பட்டால் டயாலிசிஸ் யூனிட்டிலிருந்து டெக்னீஷியன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வருவார். ஃபில்டர் அடைத்துக்கொண்டு வருகிறது என்பதுதான் அந்தக் கேள்விக்கு முதலில் வர வேண்டிய பதில் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு வாயே திறக்க முடியவில்லை. "நான் அதைச் செய்ததில்லை" என்று சொன்னேன். "அப்படியென்றால் இதில் ஏன் இருக்கிறது?" என்று கேட்டார். குரலை உயர்த்தக்கூட இல்லை. அதற்கு மேல் என்னிடம் அவர் எதையுமே நம்பியிருக்க மாட்டார்.

அன்றைக்குத்தான் 34 பக்கத்தையும் லேப்டாப்பில் திறந்து வரிவரியாகப் படித்தேன். திறமைகள் பட்டியலில் இன்டுபேஷன், சென்ட்ரல் லைன் போடுவது, எக்மோ எல்லாம் இருந்தன. எங்கள் ஊழியர் விதிப்படி நர்ஸ் தொடவே கூடாத வேலைகள் அதில் இரண்டு. அவர்கள் அனுப்பியிருந்த வேர்ட் ஃபைலின் விவரங்களில் Author என்ற இடத்தில் வேறொரு பெண்ணின் பெயர் இருந்தது. அவருடைய பட்டியலைத்தான் என் பெயரில் ஒட்டியிருக்கிறார்கள். என்னுடைய பட்டியல் இப்போது யார் பெயரில் சுற்றுகிறதோ தெரியாது.

அதைவிட மனசு நொந்தது ரிஃப்ளெக்‌ஷன் பகுதியில். போர்ட்ஃபோலியோவில் நம் அனுபவத்திலிருந்து நாம் என்ன கற்றோம் என்று எழுதும் பக்கங்கள் அவை. இங்கிலாந்தில் பதிவைப் புதுப்பிக்க மூன்று வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஐந்து எழுதியாக வேண்டும், அதனால் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு நிஜமாக எழுதியது எது, காப்பி எது என்று இரண்டு வரியில் தெரிந்துவிடும். எனக்கு எழுதிக் கொடுத்த மூன்றில் ஒன்று குழந்தைகள் வார்டில் நடந்தது. நான் குழந்தைகள் வார்டில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. இன்னொன்றில் படுக்கைப் புண்ணின் போட்டோ, பக்கத்தில் நோயாளியின் வயதும் படுக்கை எண்ணும், சேர்ந்த தேதியும். அந்த நோயாளி யாரோ, எவரோ. அவர் சம்மதம் கொடுத்திருக்க வாய்ப்பே இல்லை. நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் போர்ட்ஃபோலியோவில் இருக்கக்கூடாது என்பது நாம் முதல் வருடத்தில் படிப்பது. அந்தப் பக்கத்தோடு என் பெயர் போயிருக்கிறது.

சரி, அதற்கு அப்புறம் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், ஏற்கெனவே மாட்டியிருப்பவர்களுக்கு உதவும்.

முதல் வேலையாக, சரிபார்ப்பு நிறுவனத்தின் உதவி மையத்துக்கு என் சொந்த மெயிலிலிருந்து பாஸ்போர்ட் நகலோடு எழுதி, கணக்கை என் பெயருக்கு மாற்றினேன். பாஸ்வேர்டு கைக்கு வந்ததும் அதுவரை வந்த எல்லாக் கடிதங்களையும் இறக்கி வைத்தேன். பிறகு ஒரு பக்கத்தில் விளக்கக் கடிதம். யாரையும் திட்டவில்லை, அழுது புலம்பவும் இல்லை. விண்ணப்பத்தை வெளியாள் நிரப்பினார், நான் சரிபார்க்காமல் கையெழுத்திட்டது என் தவறு, சரியான தேதிகள் இவை, 2019 மார்ச் முதல் 2020 ஜனவரி வரை வேலையில் இல்லை, காரணம் இது என்று எழுதினேன். இரண்டு மருத்துவமனை ஹெச்.ஆரிடமும் புதிதாகக் கடிதம் வாங்கி இணைத்தேன். இப்போதைய மருத்துவமனைக் கடிதத்தில் வார்டு எத்தனை மாதம், ஐசியூ எத்தனை மாதம் என்று தனித்தனியாகப் போடச் சொன்னேன். வெறும் "ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிந்தார்" என்ற கடிதம் எதற்கும் உதவாது.

சி.வி.யை நானே மூன்று பக்கத்தில் திரும்ப எழுதினேன். எழுதும்போது சான்றிதழை ஒரு பக்கம் திறந்து வைத்து, தேதியை எழுத்துக்கு எழுத்து பார்த்துப் போட்டேன். திறமைகளை வெறும் பட்டியலாகப் போடாமல், எதை எந்த அளவுக்குச் செய்வேன் என்று பிரித்தேன். இப்போது அந்த இடம் இப்படி இருக்கிறது: 12 படுக்கை மெடிக்கல் ஐசியூ, ஒரு ஷிப்டில் ஒன்று அல்லது இரண்டு நோயாளிகள். வென்டிலேட்டர் நோயாளியின் பராமரிப்பு, சக்‌ஷன், ஆர்ட்டீரியல் லைன் ஜீரோ செய்து அளவு பார்ப்பது: தனியாக. நார்அட்ரினலின் அளவை ஏற்றி இறக்குவது: டாக்டர் எழுதிய வரம்புக்குள். இன்டுபேஷன்: உதவி மட்டும். சிஆர்ஆர்டி: செய்ததில்லை. கடைசி வரியை எழுதக் கை கூசியது. ஆனால் அடுத்து வந்த இன்டர்வியூவில் அந்த வரியைக் காட்டித்தான், "இதை இங்கே வந்ததும் கற்றுத் தருவோம்" என்றார்கள்.

ரிஃப்ளெக்‌ஷனுக்கும் என் சொந்த அனுபவத்தையே எழுதினேன். ஒரு நோயாளிக்கு இன்சுலின் இன்ஃப்யூஷன் போய்க்கொண்டிருந்தது, சி.டி. ஸ்கேனுக்காக மூக்குக் குழாய் ஃபீடை நிறுத்தினோம். ஃபீட் நின்றதும் இன்சுலினை என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது சர்க்கரை 62. இன்சுலினை நிறுத்தி, டாக்டரை அழைத்து, டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்தோம், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து ஃபீடை நிறுத்தும் கையோடு இன்சுலின் பம்பையும் பார்ப்பேன், ஷிப்ட் மாறும்போது அதைத் தனியாகச் சொல்லிக் கொடுப்பேன். பெயர், தேதி, படுக்கை எண் எதுவும் இல்லாமல் ஒன்றரைப் பக்கம். இதை யாரும் எனக்கு எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

இந்த மாதிரி சர்வீஸிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், மெயில் முகவரி உங்களுடையதாக இருக்கட்டும். சேர்ந்த நாள், விலகிய நாள் இல்லாமல் வருடம் மட்டும் போட்டு வரும் சி.வி.யைத் திருப்பி அனுப்புங்கள். நீங்கள் செய்யாத ஒரு வேலை அதில் இருந்தால் பாக்கியையும் நம்பாதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு நான் மூன்று முறை எழுதிவிட்டேன், இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். சரிபார்ப்பு நிறுவனம் என் விளக்கக் கடிதத்தை ஏற்று, பழைய மருத்துவமனைக்கு மறுபடி சரிபார்ப்பு அனுப்பியிருக்கிறது. ஹெச்.ஆர். பதில் எழுத வேண்டும், அதற்காகக் காத்திருக்கிறேன்.