கேன் தண்ணீரா, வீடு சுத்தம் செய்யும் சேவையா: கூட்டாக ஆர்டர் செய்ய எது பொருந்தும்?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கூட்டு ஆர்டருக்கு இரண்டு சலுகைகள் ஒரே சமயத்தில் வந்தன. ஒன்று 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களுக்கானது. மற்றொன்று வீட்டை முழுமையாகச் சுத்தம் செய்து தரும் சேவைக்கானது. இரண்டையும் பரிசீலித்துத் தண்ணீரைத் தொடர் ஏற்பாடாகவும், சுத்தம் செய்யும் சேவையை ஒரு நாளைய முயற்சியாகவும் எடுத்துக்கொண்டோம். ஆறு மாதங்களுக்குப் பின் தண்ணீர் ஏற்பாடு தடையின்றி நடந்துவருகிறது. கூட்டாக வாங்க முதன்முதலில் முனைபவர்கள் தண்ணீரிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் முடிவு.

கூட்டாக வாங்கினால் விலை குறையும் என்பதை விளக்கத் தேவையில்லை. தரத்தைச் சோதிப்பதும் இரண்டிலும் அவசியமானதே. இரண்டையும் உண்மையில் பிரித்துக் காட்டுவது வேறொரு கேள்வி: குறைந்தபட்ச ஆர்டர் எட்டப்படாத வாரத்தில் என்ன நடக்கும்?

தண்ணீருக்கு 24 வீடுகள் பெயர் கொடுத்தன. குடிக்கவும் சமைக்கவும் ஒரு வீட்டுக்கு வாரம் இரண்டு கேன்கள் என்று கணக்கிட்டால் 48 கேன்கள் ஆகின்றன. விநியோகிப்பவர் ஒரு நடைக்குக் குறைந்தது 40 கேன்கள் வேண்டும் என்றார். அவருடைய நோக்கில் அது நியாயமான எண்ணிக்கைதான். நாற்பது இடங்களில் வண்டியை நிறுத்தி இறக்குவதற்குப் பதிலாக ஒரே இடத்தில் இறக்குவதால் மிச்சமாகும் நேரத்திலிருந்துதான் நமக்கான தள்ளுபடி வருகிறது. விடுமுறை தொடங்கிய வாரத்தில் பல வீடுகள் வெளியூர் சென்றுவிட, 34 கேன்களுக்கு மட்டுமே தேவை இருந்தது. குறைந்த ஆறு கேன்களை ஊரில் இருந்த ஆறு வீடுகள் ஆளுக்கு ஒன்றாகக் கூடுதலாக வாங்கி, வெயில் படாத இடத்தில் மூடி திறக்காமல் வைத்துக்கொண்டன. அடுத்த வாரம் அந்த ஆறும் கழிந்து 42 கேன்கள் தேவைப்பட்டன. அதுவும் 40க்கு மேல் இருந்ததால் சிக்கல் அத்துடன் தீர்ந்தது.

இந்தக் கணக்கு கைகொடுத்ததற்குக் காரணம் வழக்கமான தேவைக்கும் குறைந்தபட்சத்துக்கும் நடுவில் எட்டு கேன்கள் இடைவெளி இருந்ததுதான். 21 வீடுகள் மட்டும் சேர்ந்து, வழக்கமான தேவை 42 ஆக இருந்திருந்தால், அதே ஆறு கேன் குறைவு அடுத்த வாரம் நான்காகவும் அதற்கடுத்த வாரம் இரண்டாகவும் தொடர்ந்து, நான்காவது வாரத்தில்தான் நேராகியிருக்கும். அவ்வளவு நாட்களுக்கு யாராவது தேவைக்கு மேல் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அப்படி வாங்கச் சொல்லி ஒவ்வொரு வாரமும் அண்டை வீட்டாரைக் கேட்பது எவ்வளவு சங்கடம் என்பது ஒருமுறை பொறுப்பேற்றவர்களுக்குத் தெரியும். ஆகவே வழக்கமான தேவையில் ஆறில் ஐந்து பங்குக்கு மேல் குறைந்தபட்சத்தை ஏற்கக்கூடாது என்பதை நாங்கள் விதியாக வைத்துக்கொண்டோம். அதைவிட நல்லது, நடைக்கு இவ்வளவு என்பதை மாதத்துக்கு இவ்வளவு என்று மாற்றச் சொல்வது. நான்கு நடைகளில் 160 கேன்கள் என்று எழுதிக்கொண்டால், 34 கேன்கள் எடுத்த வாரத்தை 48 கேன்கள் எடுக்கும் வாரமே ஈடுசெய்துவிடும். எங்கள் விநியோகஸ்தர் இரண்டு மாதம் எங்கள் ஆர்டரைப் பார்த்த பின்னரே இதற்கு ஒப்புக்கொண்டார்.

தண்ணீரில் கவனிக்க வேண்டிய ஒரே சிக்கலான இடம் காலி கேன்கள். டெபாசிட்டை வீடு வாரியாகக் கொடுக்கிறோமா, குடியிருப்பு மொத்தமாகக் கொடுக்கிறோமா என்பதை முதல் நாளே தீர்மானிக்க வேண்டும். மொத்தமாகக் கொடுத்தால், ஒருவர் வீடு மாறிப் போகும்போது அவருடைய பங்கைத் திருப்பித் தருவது பொறுப்பாளரின் தலையில் விழும். நாங்கள் வீடு வாரியாகவே வைத்து, ஒவ்வொரு நடையிலும் இறங்கிய கேன், ஏறிய காலி கேன் என இரண்டு எண்களையும் வண்டிக்காரர் முன்னிலையில் எழுதிக்கொள்கிறோம். விரிசல் விட்ட கேன், பச்சை படிந்த கேன், மூடியின் முத்திரை தளர்ந்த கேன் ஆகியவற்றை இறக்கும் இடத்திலேயே மறுத்துவிட வேண்டும். வீட்டுக்குள் போன பிறகு அது யாரால் கெட்டது என்று நிறுவ முடியாது. மறுத்த கேன்களும் ஆர்டர் எண்ணிக்கையில் சேரும் என்று எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. இல்லையென்றால் 40 கேன்கள் ஆர்டர் செய்து மூன்றை மறுத்த நாளில் 37தான் எடுத்தீர்கள் என்ற பேச்சு வரும்.

சுத்தம் செய்யும் சேவையில் குறைந்தபட்சம் ஒரு நாளைக்கு ஆறு வீடுகள் என்று இருந்தது. கேட்பதற்குத் தெளிவாக இருந்த இந்த எண்தான் பிறகு தொல்லை கொடுத்தது, ஏனென்றால் வீடு என்பது ஓர் அளவே அல்ல. எங்கள் ஆறில் இரண்டு சிறிய வீடுகள், மூன்று நடுத்தர வீடுகள், ஒன்று பெரியது. இருவர் சேர்ந்து செய்தால் சிறியதற்கு மூன்று மணி நேரம், நடுத்தரத்துக்கு நான்கு, பெரியதற்கு ஐந்து என்று அவர்களே சொன்னார்கள். ஆள் கணக்கில் மொத்தம் 46 மணி நேரம். ஆறு பேர் எட்டு மணி நேரம் உழைத்தால் 48. முந்தைய நாள் மாலையில் இரண்டு நடுத்தர வீடுகள் விலகிக்கொண்டன. உடனே 16 மணி நேர வேலை காணாமல் போயிற்று. தண்ணீரைப் போல அதை வாங்கி வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. மீதி நான்கு வீடுகளிடம் தனி வீட்டுக்கான கட்டணமே கேட்கப்பட்டது. பேசிப் பார்த்ததில் பாதித் தள்ளுபடி கிடைத்தது.

இதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது வேறு. சுத்தம் செய்யும் வேலையில் கூட்டு ஆர்டரால் மிச்சமாவது பயண நேரமும், இயந்திரங்களை ஒரே முறை ஏற்றி இறக்குவதும் மட்டுமே. குளியலறைத் தரையைத் தேய்க்கும் நேரம் ஆறு வீடுகள் சேர்ந்தாலும் குறையாது. ஆகவே அந்த மிச்சத்துக்கு மேல் தள்ளுபடி கொடுக்கப்பட்டால், அது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கும் நேரத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். அன்று கடைசியாகச் செய்த நடுத்தர வீட்டை இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். தரையும் கண்ணாடியும் பளிச்சென்றுதான் இருந்தன. ஆனால் ஜன்னல் சட்டத்தின் தடங்களிலும், மின்விசிறி இறக்கைகளின் மேற்புறத்திலும், புகைபோக்கி விசிறியின் பின்புறத்திலும் அழுக்கு அப்படியே இருந்தது. பணியாளர்கள் கிளம்பும் முன் இந்த மூன்று இடங்களையும் விரலால் தொட்டுப் பார்த்தாலே போதும்.

நாங்கள் இந்தச் சேவையை ஒரே ஒரு முறைதான் எடுத்திருக்கிறோம். ஆகவே மாதந்தோறும் அதே பணியாளர்கள் வரும் ஏற்பாட்டைப் பற்றி இந்த அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியாகாது. அடுத்த முறைக்கு நாங்கள் கேட்டிருப்பது இவ்வளவுதான்: குறைந்தபட்சம் வீடுகளின் எண்ணிக்கையில் இல்லாமல் 38 ஆள் மணி நேரமாக இருக்க வேண்டும், விலகுவதானால் 48 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும், அதற்குப் பின் விலகும் வீடு தன் முன்பணத்தை இழக்கும், அந்தத் தொகை மீதி வீடுகளின் கட்டண உயர்வை ஈடுசெய்யும். இரண்டு நடுத்தர வீடுகளைக் காத்திருப்போர் பட்டியலிலும் வைத்திருக்கிறோம். சேவை தருபவர் முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டார். முன்பணத்தைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.