ஒரு தலைக்குள் இரண்டு பேரா, ஒருவரா?

சென்னையில் உளவியல் இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். மூளையின் இரு பாதிகளுக்கு எனக்குக் கிடைப்பது ஒரே ஒரு மணி நேரம். அதில் எந்த விளக்கத்தை நம்பி நடத்துவது என்று இந்த வருடம் முடிவு செய்ய வேண்டி வந்தது. ஒன்று, அமெரிக்க மூளை ஆய்வாளர் ரோஜர் ஸ்பெர்ரியின் பழைய விளக்கம்: பாதிகளை இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தை வெட்டினால் தலைக்குள் இரண்டு தனித்தனி உணர்வோட்டங்கள். மற்றது, 2017இல் யாயர் பின்டோ என்ற ஆய்வாளரின் குழு சொன்னது: பார்வை பிரிகிறது, ஆனால் ஆள் ஒருவரே.

‘இடது பாதி கணக்கு, வலது பாதி கலை’ கதையை இரண்டு பேருமே சொல்லவில்லை. அதை ஒரு வரியில் தள்ளிவிடலாம்.

நான் சாய்வது ஸ்பெர்ரி பக்கம். காரணம் சோதனை முறையிலேயே இருக்கிறது. வலிப்பு ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குப் பரவாமல் தடுக்கத்தான் இந்த அறுவை. 1940களில் இப்படி வெட்டப்பட்டவர்களைப் பரிசோதித்தபோது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கண்ணை இஷ்டப்படி அசைக்க விட்டால் பார்த்தது இரு பாதிக்கும் போய்விடுகிறது, அவ்வளவுதான். 1960களில் லாஸ் ஏஞ்சலஸ் நோயாளிகளிடம் ஸ்பெர்ரியும் அவருடைய மாணவர் கசானிகாவும் நடுப்புள்ளியை உற்றுப் பார்க்கச் சொல்லி, கண் நகர்வதற்குள் மறையும்படி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் படத்தைக் காட்டினார்கள். வலப்புறம் காட்டியது பேச்சைக் கவனிக்கும் இடது பாதிக்குப் போகும், பெயர் சொல்லிவிடுவார்கள். இடப்புறம் காட்டியது வலது பாதிக்குப் போகும். “ஒன்றும் தெரியவில்லை” என்பார்கள். ஆனால் வலது பாதி இயக்கும் இடது கையைத் திரைக்குப் பின்னால் விட்டால், அதே பொருளைத் தடவிப் பார்த்தே எடுத்துவிடும்.

எதிர்த்தரப்புக்கும் பலம் உண்டு. பின்டோ குழு இரண்டு நோயாளிகளைச் சோதித்தது. திரையில் எங்கே உருவம் வந்தாலும், வந்ததா, எந்த இடத்தில் என்பதை வாயாலும் சொன்னார்கள், எந்தக் கையாலும் காட்டினார்கள். பழைய விளக்கப்படி வாய்க்கு இடப்புறம் தெரியவே கூடாதே!

இங்கேதான் நான் அதிக நேரம் சிக்கிக்கொண்டேன். முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: ஒரு பாதி மறுபாதிக்கு வெளியே வழியாகத் துப்புக் கொடுக்க முடியுமா? முடியும் என்பதற்கு கசானிகா பதிவு செய்த நிகழ்ச்சி ஒன்று போதும். வலது பாதிக்கு மட்டும் சிவப்பு அல்லது பச்சை விளக்கைக் காட்டி, என்ன நிறம் என்று கேட்டார்கள். விளக்கைப் பார்க்காத இடது பாதி குத்துமதிப்பாக “சிவப்பு” என்றது. காட்டியதோ பச்சை. தவறான பதிலைக் காதால் கேட்ட வலது பாதி முகத்தைச் சுளித்துத் தலையை ஆட்டியது. அந்த அசைவை உணர்ந்த இடது பாதி உடனே பதிலைப் பச்சை என்று மாற்றிக்கொண்டது. மூளைக்குள் அறுந்த செய்தி முகத்தின் வழியாகப் போய்ச் சேர்ந்தது.

பரீட்சை ஹாலில் பென்சிலால் ஒரு தட்டுத் தட்டினால் ‘ஏ’, இரண்டு தட்டினால் ‘பி’ என்று வைத்துக்கொள்வோமே, அதே வேலைதான். பதில் இரண்டில் ஒன்று என்றால் ஒரு சுளிப்பு போதும். ஆனால் பரந்த திரையில் துல்லியமான இடத்தைச் சுளிப்பால் சொல்வது கஷ்டம். பின்டோவுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் இதற்குத்தான். ஆனாலும் எங்கே என்ற செய்தி கடக்க, மேலே வெட்டிய பாலத்துக்குக் கீழே மூளைத்தண்டுப் பக்கம் பழைய பாதைகள் மிச்சம் இருக்கின்றன. கண்ணே அந்த இடத்தை நோக்கி நகர முயன்றாலும் துப்புக் கிடைத்துவிடும்.

முடிவாக என்னைச் சாய வைத்தது பின்டோவின் முடிவுகளிலேயே உள்ள இன்னொன்று. இடப்புறம் ஒரு உருவம், வலப்புறம் ஒரு உருவம் காட்டி இரண்டும் ஒன்றா என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியவில்லை. இரண்டையும் ஒருவரே பார்த்திருந்தால் ஒப்பிடுவதில் என்ன சிரமம்? பார்வை பிரிந்தது, ஆள் பிரியவில்லை என்பது அவர்கள் பதில். எனக்கு அது பாதி சமாதானம்தான்.

நான் இப்படிப்பட்ட நோயாளி ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. ஆழமாகச் சோதிக்கப்பட்டவர்களும் மிகக் குறைவு. அதனால் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் ஸ்பெர்ரி, பதினைந்து நிமிடம் பின்டோ என்று பிரித்தேன். பாதியிலேயே ஒரு மாணவி கேட்டாள், “அப்போ சார், பேசுற பாதி தப்பா சொன்னா, பேசாத பாதி சும்மா கேட்டுக்கிட்டு இருக்குமா?”

“சும்மா இருந்திருந்தா அந்த முகம் ஏம்மா சுளிச்சிருக்கும்?” என்றேன்.