கொழும்பு மின்பலகையில் ஐந்து ஆண்டுகளாக ஒட்டியிருக்கும் ஆர்க் ஃபிளாஷ் லேபிள்

கொள்ளுப்பிட்டியில் நான் பராமரிக்கும் அலுவலகக் கட்டடத்தின் 400 வோல்ற்று பிரதான மின்பலகைக்கு 2021இல் ஆர்க் ஃபிளாஷ் ஆய்வு செய்தோம். மின்சாரம் காற்றின் வழியே பாய்ந்து மின்வில் மூண்டால் எதிரே நிற்பவரின் உடலில் எவ்வளவு வெப்பம் படும் என்று ஐஇஇஇ 1584 நியமத்தின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பின்படி கணக்கிடும் வேலை அது.

1000 கிலோவோல்ற்று அம்பியர் மின்மாற்றி, 5 சதவீத மின்தடங்கல், 1600 அம்பியர் பிரதான பிரேக்கர். பலகையில் முழுக் குறுக்குச்சுற்று மின்னோட்டம் 27 கிலோ அம்பியர். ஆனால் மின்வில்லே ஒரு தடையாக நிற்பதால் அதன் வழியே ஓடுவது ஏறத்தாழ 17.8 கிலோ அம்பியர்தான். பிரேக்கரில் பெரும் மின்னோட்டத்தை விரைந்து வெட்டும் குறுநேரத் துண்டிப்பு 16 கிலோ அம்பியரில், அதாவது பத்து மடங்கில், 0.4 செக்கன் தாமதத்தோடு இருந்தது. 61 சென்ரிமீற்றர் தூரத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு 11.7 கலோரி என்று முதல் அறிக்கை வந்தது.

அதை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மின்வில்லின் மின்னோட்டம் கணித்ததைவிடக் குறைந்தும் ஓடலாம் என்பதால், குறைந்த மதிப்புக்கும் ஒரு கணக்குப் போடச் சொல்கிறது நியமம். அறிக்கையில் அந்தக் கணக்கு இல்லை. வற்புறுத்திப் போட வைத்தேன். வந்த விடை 15.6 கிலோ அம்பியர். குறுநேர எல்லைக்கு ஒரு நூலிழை கீழே! பிரேக்கர் அதை வெறும் மிகைச் சுமையாகக் கருதி நான்கு செக்கனுக்கு மேல் காத்திருக்கும். மனிதர் இரண்டு செக்கனில் விலகிவிடுவார் என்ற வழக்கமான எடுகோளை வைத்தாலும் 51 கலோரி. உள்ளே நின்றால் தோல் வெந்து கொப்பளிக்கக்கூடிய பாதுகாப்பு எல்லை 6.4 மீற்றர். எங்கள் அறையின் சுவரே அவ்வளவு தூரத்தில் இல்லை. மின்னோட்டம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நினைப்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன்.

கீழ்நிலை பிரேக்கர்களே முதலில் துண்டிக்கும் ஒருங்கிணைவு கெடாது என்று உறுதி செய்த பிறகு, குறுநேர அமைப்பை ஆறு மடங்குக்கும், தாமதத்தை 0.2 செக்கனுக்கும் இறக்கினோம். 5.9 கலோரி ஆனது, எல்லை 1.65 மீற்றர். ஒரு பணமும் செலவில்லை, திருகாணி முறுக்கிய செலவுதான்.

பிரதான பிரேக்கரின் உள்வரும் முனைகளுக்கு மட்டும் இந்தப் பலன் கிடையாது. அங்கே வில் மூண்டால் அந்தப் பிரேக்கரால் துண்டிக்க முடியாது. 11 கிலோவோல்ற்றுப் பக்கத்து உருகிதான் துண்டிக்க வேண்டும், அது மெதுவானது. ஆகவே ஒரே பலகையில் இரண்டு லேபிள்கள். வெளிச்செல்லும் பெட்டிகளில் 5.9. உள்வரும் பெட்டியில் 51, அதோடு "மின் இருக்கும்போது திறக்கக் கூடாது, மேல்பக்கம் துண்டித்த பின்னரே" என்று மும்மொழியிலும் எழுதியிருக்கிறோம்.

லேபிளில் என் ஆட்கள் அதிகம் தடுமாறியது தூரத்தில்தான். 61 சென்ரிமீற்றர் என்பது கைக்கு அல்ல, முகத்துக்கும் மார்புக்கும். எங்கள் மூத்த மின்னியலாளர் பிவிசி குழாயை அந்த நீளத்துக்கு வெட்டிக் கொண்டுவந்தார். மின் துண்டித்திருந்தபோது ஒரு முனையைச் செம்புப் பட்டையில் வைத்து, வழக்கம்போல் நிற்கச் சொன்னோம். கீழ்முனை இணைப்பைப் பார்க்கக் குனிந்ததும் குழாய் அவர் கன்னத்தைத் தாண்டிப் போய்விட்டது. "சேர், நான் நிற்பது நாற்பத்தைந்தில்தான்," என்றார். அந்தத் தூரத்தில் 5.9 கலோரி 9ஐத் தாண்டிவிடும். அவர் போட்டிருந்த மேலங்கியின் தாங்குதிறன் 8. அன்றிலிருந்து கீழ்வரிசை வேலைக்குத் தனி விதி: மின் துண்டிப்பு, அல்லது 12 கலோரிக்குக் குறையாத முழுச்சூட், முகக்கவசத்தோடு. கொழும்புப் புழுக்கத்தில் அதை அணிந்து பத்து நிமிடம் நிற்பதே தண்டனை. பெரும்பாலும் துண்டிக்கவே சொல்கிறார்கள், எனக்கும் அதுதான் விருப்பம்.

2023இல் ஒருநாள் பலகையைக் கடந்தபோது பிரேக்கரின் தாமதத் திருகாணி 0.4இல் நிற்பதைக் கண்டேன். மழைநாளில் ஒரு முறை பிரதான பிரேக்கர் விழுந்து கட்டடம் முழுவதும் மின் போனதால், பணிக்கு வந்த ஒப்பந்தக்காரரின் ஆள் பழைய இடத்துக்கே திருப்பியிருந்தார். லேபிளில் அப்போதும் 5.9, உண்மையோ 11.7. அன்றே சரி செய்தோம். இப்போது திருகாணிகளின் மேல் முத்திரை வைத்த பிளாஸ்ரிக் மூடி உண்டு. அமைப்பின் புகைப்படம் கதவின் உட்புறம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை படத்தையும் திருகாணியையும் ஒப்பிட்டுக் கையெழுத்திடுகிறோம். ஒதுங்கும் வழியை அடைத்திருந்த அட்டைப்பெட்டிகளும் போய்விட்டன. அந்த இரண்டு செக்கன் எடுகோளே வழி திறந்திருந்தால்தான் செல்லும்.

ஐந்தாண்டு மறுஆய்வு இப்போது வந்திருக்கிறது. குளிரூட்டிகள் கூடியதால் 1600 கிலோவோல்ற்று அம்பியர் மின்மாற்றி போடலாமா என்று உரிமையாளர் கேட்கிறார். போட்டால் குறுக்குச்சுற்று மின்னோட்டம் ஏறும், இந்த எண் ஒன்றும் நிற்காது. புதிய கணக்கு கைக்கு வரும்வரை பழைய லேபிள்களின் மேல் சிவப்பு நாடா ஒட்டிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.