பில் படத்தை ஜேசனாக்கித் தருகிறோம் என்று வருபவர்களிடம் பணம் கொடுக்கும் முன்

தருமபுரியில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தேயிலை, மிளகாய், மல்லி எல்லாம் பெங்களூரிலிருந்தும் சேலம் செவ்வாய்பேட்டையிலிருந்தும் வருகின்றன. கொள்முதல் பில்களைக் கையால் கணக்கில் ஏற்றி முடியவில்லை. பில்லைப் படம் எடுத்து அனுப்பினால் ஒவ்வொன்றையும் மென்பொருள் படிக்கும் ஜேசன் கோப்பாக்கித் தருகிறோம், பில்லுக்கு 6 ரூபாய் என்று கிருஷ்ணகிரியில் ஒரு இடத்தில் சொன்னார்கள். 640 பில். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தேன். அந்தப் பணம் திரும்பவில்லை. அது 1,920 ரூபாய்தான், அதை விட்டுவிடலாம். கணக்கு கெட்டதை விட முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

மாதிரிக்கு முதலில் பத்து பில் செய்து காட்டினார்கள், அழகாக இருந்தன. அப்புறம் வந்தவை வேறு ரகம். பெங்களூர் பில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். தேயிலை 250 கிலோ, கிலோ 312.35 ரூபாய். மிளகாய் 300 கிலோ, கிலோ 155.25 ரூபாய். வரிக்கு முந்தைய மதிப்பு 1,24,662.50. வெளிமாநிலச் சரக்கு என்பதால் ஐஜிஎஸ்டி 5 சதவீதம், 6,233.13. ரவுண்ட் ஆஃப் 37 பைசா சேர்த்து மொத்தம் 1,30,896. அவர்கள் கொடுத்தது இது:

```json
{
  "Date": "05/07/25",
  "HSN": 902,
  "amount": "1,24,662.50",
  "tax": 6233.13,
  "Total": "Rs.1,30,896/-"
}
```

பார்த்தால் எண்கள் எல்லாம் சரிதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கோப்புகளைக் கணக்கு மென்பொருளுக்குள் ஏற்ற ஓசூரில் இருக்கும் அக்கா மகன் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தான். அதில் எழுத்தை எண்ணாக மாற்றும் `parseFloat` இருந்தது. அது கமாவைக் கண்டதும் நின்றுவிடும். `"1,24,662.50"` என்ற எழுத்துச் சரத்தைக் கொடுத்தால் அதற்குக் கிடைப்பது 1. எச்சரிக்கை எதுவும் வராது. ஒன்றே கால் லட்ச ரூபாய்ச் சரக்கு என் கணக்கில் 1 ரூபாய்க்கு வந்ததாக ஏறியது. பெரிய தொகைகளில் மட்டும் இது நடந்ததால், 950.00 போன்ற சின்ன பில்களைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

தேதியும் இப்படித்தான். ஜூலை 5 ஆம் தேதி பில் மே 7 ஆக ஏறியது, ஏனென்றால் மாதத்தை முதலில் படிக்கும் வழக்கம் மென்பொருளுக்கு உண்டு. தேயிலையின் சரக்குக் குறியீடான எச்எஸ்என் 0902. அதை எண்ணாக எழுதியதால் முன்னால் இருந்த சுழியம் போய் 902 ஆனது. ஜேசனில் 0902 என்று முன்னால் சுழியம் போட்டு எண் எழுதக் கூடாது. அதனால் எச்எஸ்என், ஜிஎஸ்டி எண், பில் எண் எல்லாம் மேற்கோள் குறிக்குள்தான் இருக்க வேண்டும். கூட்டிக் கழிக்கும் தொகை மட்டும் எண்ணாக இருந்தால் போதும்.

இதைவிடக் கேடு புலங்களின் பெயரில் இருந்தது. மேலே இருக்கும் பில்லில் `amount` என்றால் வரிக்கு முந்தைய மதிப்பு. அடுத்த தொகுப்பை வேறு யாரோ செய்திருக்க வேண்டும், அதில் `amount` என்றால் வரி சேர்ந்த மொத்தம். 43,000 ரூபாய்ச் சரக்கு, வரி 2,150, ஆக மொத்தம் 45,150. இந்த 45,150 ஐ ஸ்கிரிப்ட் அடிப்படை மதிப்பாக எடுத்து அதன்மேல் மறுபடி 5 சதவீதம் போட்டது. வரி 2,257.50 ஆனது. கணக்குப் பார்க்கும் அக்கா மாதக் கடைசியில், விற்றவர்கள் காட்டிய வரியைச் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-2பி யோடு ஒப்பிட்டபோதுதான் வரித் தொகைகள் பொருந்தாதது தெரிந்தது. “இது ஒரு பில் தப்பு இல்லை தம்பி, பேரே தப்பு” என்றார். மூன்று தொகுப்பிலும் மூன்று விதமான பெயர்கள்.

சரி, இவையெல்லாம் கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது அப்படி இல்லை. சேலத்து வியாபாரி ஒருவர் போன் செய்து, “அண்ணே, வரியோட 20,475 குறைவா போட்டிருக்கீங்க” என்றார். கார்பன் நகல் பில், கையெழுத்து. மல்லி 18 மூட்டை, மூட்டை 3,900, வரிக்கு முந்தைய மதிப்பு 70,200. ஜேசனில் 13 மூட்டை, 50,700. 8 ஐ 3 என்று படிப்பது நடக்கக் கூடியதுதான், கார்பன் மங்கியிருந்தால் எனக்கும் அப்படித்தான் தெரியும். ஆனால் பில்லின் அடியில் 70,200 என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அதைப் படிக்காமல், 13 ஐ 3,900 ஆல் பெருக்கி 50,700 என்று எழுதிவிட்டார்கள். கேட்டதற்கு, “கூட்டல் சரியா வரணும்னு நீங்கதானே சொன்னீங்க” என்று பதில்.

இந்த இடத்தைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். அளவு பெருக்கல் விலை, வரி, மொத்தம் என்று ஒன்றோடொன்று ஒட்டிப் பார்ப்பதுதான் படத்தைத் தப்பாகப் படித்ததைப் பிடிக்க நல்ல வழி. மொத்தத்தைப் படிக்காமல் கணக்குப் போட்டு நிரப்பினால் எல்லா பில்லும் பொருந்தும், தப்பு உள்ளேயே இருந்துவிடும். பொருந்தாத பில்லைப் பொருந்தவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பதுதான் நேர்மையான வேலை. பில்லில் இல்லாததற்கு 0 போட்டதும் இதே வகை. சிஜிஎஸ்டி வரிசையே இல்லாத பில்லில் அந்த இடம் `null` ஆக இருக்க வேண்டும். சுழியம் என்றால் யாரோ சுழியம் என்று எழுதியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஜிஎஸ்டி எண்ணிலும் அப்படியே. 15 எழுத்து, முதல் இரண்டு மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. நம் பில்களில் 14 ஆவது இடத்தில் `Z` தான் இருக்கும். ஏழு பில்களில் அந்த இடத்தில் 2 இருந்தது. கண்ணால் ஒரு முறை ஓட்டினாலே தெரிந்திருக்கும்.

இப்போது எல்லாப் படத்தையும் நாங்களே மறுபடி செய்கிறோம். பாலக்கோட்டிலிருந்து வரும் பெண் ஒருவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டுகிறார். அந்தப் பெங்களூர் பில் இப்போது இப்படி இருக்கிறது:

```json
{
  "invoice_date": "2025-07-05",
  "hsn_codes": ["0902", "0904"],
  "taxable_value": 124662.50,
  "cgst": null,
  "sgst": null,
  "igst": 6233.13,
  "round_off": 0.37,
  "invoice_total": 130896.00
}
```

தொகையில் கமா இல்லை, ரூபாய்க் குறி இல்லை, `/-` இல்லை. தேதி ஆண்டில் தொடங்குகிறது. `amount` என்ற பெயரே கிடையாது. ஸ்கிரிப்டிலும் `parseFloat` ஐ எடுத்துவிட்டு, தொகையில் எண்ணோ `null` ஓ அல்லாத எது வந்தாலும் அந்த பில்லை ஏற்றாமல் நிறுத்தும்படி அக்கா மகன் மாற்றிவிட்டான். மதிப்பு, வரிகள், ரவுண்ட் ஆஃப் கூட்டினால் மொத்தம் வராவிட்டாலும் நிறுத்தும்.

வெளியே கொடுத்தே ஆக வேண்டும் என்றால், புலப் பெயர்களை நீங்களே எழுதிக் கொடுங்கள், மாதிரி பத்து பில்லை நீங்கள் பொறுக்கிக் கொடுங்கள். ஒரு லட்சத்துக்கு மேல் ஒன்று, மங்கிய கார்பன் நகல் ஒன்று, கூட்டலே தப்பாக இருக்கும் பில் ஒன்று அதில் கட்டாயம் இருக்கட்டும். கூட்டல் தப்பான பில் எந்தக் குறிப்பும் இல்லாமல் சரியான கூட்டலோடு திரும்பி வந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

640 இல் இதுவரை 410 முடிந்திருக்கிறது. மே மாதத்தில் தப்பாக ஏறிய பில்களை அக்கா தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார். சேலத்துக்காரருக்கு 20,475 ஐ மறுநாளே அனுப்பிவிட்டேன்.