"தானாகவே பின் ஆகும்" என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்: யூடியூப் முதல் கமென்ட் சேவை பற்றி

தையல் சேனல் நடத்துகிறேன். ஒவ்வொரு வீடியோவுக்கும் பிளவுஸ் கட்டிங் சார்ட் ஒன்றை பிடிஎஃப் ஆகத் தருவேன். வீடியோ வெளியானதும் அந்த லிங்க்கை முதல் கமென்டாகப் போட்டு, மேலே பின் செய்வது வழக்கம். வாரத்தில் பல நாள் மாலை 6 மணிக்கு ஷெட்யூல் செய்வதால், அந்த நேரத்தில் கடையில் வாடிக்கையாளர் இருந்தால் கமென்ட் போட முடியாது. அப்போதுதான் ஒரு சேவையின் விளம்பரம் கண்ணில் பட்டது: "வீடியோ வெளியான நொடியே லிங்க் கமென்ட், தானாகவே பின் செய்யப்படும், ஷார்ட்ஸுக்கும் உண்டு." ஒரு வருடச் சந்தாவை மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள்.

முதல் வீடியோவிலேயே லிங்க் வரவில்லை. "அக்கா, சார்ட் லிங்க் எங்கே?" என்று கீழே வரிசையாகக் கேள்விகள். மறுநாள் மதியம் பார்த்தால் கமென்ட் இருக்கிறது, ஆனால் பின் ஆகவில்லை. அடுத்த வீடியோவிலும் இதே கதை. கேட்டால் "யூடியூப் சர்வர் தாமதம் மேடம்" என்றார்கள்.

தாமதத்தில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. கமென்ட்கள் எல்லாம் மதியம் 12.30-ஐத் தாண்டித்தான் வந்து விழுந்தன. காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். வெளிச் சேவைகள் யூடியூப்பின் ஏபிஐ, அதாவது வெளி மென்பொருள்களுக்கு யூடியூப் திறந்து வைத்திருக்கும் வாசல் வழியாகத்தான் கமென்ட் போடுகின்றன. ஒரு சேவைக்கு யூடியூப் வழக்கமாகத் தரும் அளவு ஒரு நாளைக்கு 10,000 யூனிட். ஒரு கமென்ட் போட 50 யூனிட் செலவாகும். அதாவது, கூடுதல் அளவுக்கு விண்ணப்பித்து வாங்காத ஒரு சேவை, தன் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 200 கமென்ட்தான் போட முடியும். அது தீர்ந்துவிட்டால் `quotaExceeded` என்ற பிழை வரும். கணக்கு மறுபடி தொடங்குவது அமெரிக்கப் பசிபிக் நேரப்படி நள்ளிரவில். நமக்கு அது கோடையில் மதியம் 12.30, குளிர்காலத்தில் 1.30. மாலையில் வெளியாகும் என் வீடியோவுக்கு மறுநாள் மதியம்தான் இடம் கிடைத்திருக்கிறது. இந்தக் கணக்கை எழுதி அனுப்பியபோது பதிலே இல்லை.

பின் விஷயம் இதைவிட மோசம். கமென்டை பின் செய்யும் வசதி யூடியூப் ஏபிஐயில் கிடையாது. கமென்ட் போடலாம், திருத்தலாம், அழிக்கலாம், பின் செய்ய வழியில்லை. இது அவர்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. ஏனென்றால் நான் விடாமல் கேட்டபோது, "உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுங்கள், எங்கள் ஆள் உள்ளே போய் பின் செய்வார்" என்றார்கள். தானாக நடக்கும் என்று விற்றார்கள், கடைசியில் யாரோ ஒருவரிடம் என் சேனலையே ஒப்படைக்கச் சொன்னார்கள். கொடுக்கவில்லை. தயவுசெய்து நீங்களும் கொடுக்காதீர்கள். அதே ஜிமெயிலில்தான் உங்கள் வருமானக் கணக்கும் இருக்கும்.

ஷார்ட்ஸுக்கும் காசு வாங்கினார்களே, அதுவும் வீண். 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸ் கமென்டில் போடும் லிங்க்கைத் தொட்டால் திறக்காது. எழுத்தாகத்தான் நிற்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "கமென்ட் போய்ச் சேர்ந்துவிட்டதே, சேவை முடிந்தது" என்கிறார்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், கமென்ட் வந்த நேரம், பாஸ்வேர்ட் கேட்ட மெசேஜ் எல்லாவற்றையும் சேர்த்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். யுபிஐயில் ஆட்டோபே போட்டிருந்தால் அதை உடனே உங்கள் யுபிஐ செயலியிலேயே ரத்து செய்துவிடுங்கள், அவர்களிடம் கெஞ்ச வேண்டியதில்லை.

அப்புறம் ஒன்று, சந்தாவை நிறுத்தினால் மட்டும் போதாது. கமென்ட் போட அனுமதி கேட்கும் கூகுள் திரையை நன்றாகப் படியுங்கள். யூடியூப் வீடியோக்களையும் கமென்ட்களையும் பார்க்க, திருத்த, நிரந்தரமாக அழிக்க என்று அதில் இருக்கும். கமென்டுக்கு மட்டும் என்று தனியாக அனுமதி இல்லை. சந்தா முடிந்த பிறகும் அந்த அனுமதி உயிரோடு இருக்கும். `myaccount.google.com/connections` பக்கத்தில் அந்தச் சேவையின் பெயரைத் தேடி நீக்குங்கள்.

இப்போது சார்ட் லிங்க்கை டிஸ்கிரிப்ஷனின் முதல் வரியிலேயே வைத்துவிடுகிறேன், அது ஷெட்யூல் நேரத்தில் வீடியோவோடு சேர்ந்தே வெளியாகிவிடும். ஷெட்யூல் செய்த வீடியோ வெளியாகும்வரை பிரைவேட்டாக இருப்பதால் முன்கூட்டியே கமென்ட் போட்டு வைக்க முடியாது. கடையில் கை ஒழிந்ததும் போனில் கமென்ட் போட்டு, பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு பின் செய்கிறேன். எப்படியும் ஒரு சேவையை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: கமென்டை எந்த வழியில் பின் செய்கிறீர்கள், ஒரு நாளைக்கு உங்களுக்கு எத்தனை யூனிட் அனுமதி. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.